தூணுக்குள் இருக்கும் இருபது மில்லிமீட்டர்

கட்டடத்தின் சுமை தூணின் நட்டநடுவில் இறங்குவது வரைபடத்தில் மட்டும்தான். கட்டுமான இடத்தில் சென்ட்ரிங் பலகை ஒரு பக்கம் சற்றே சாய்ந்து நிற்கும். கீழ்த்தளத் தூணுக்கு நேர்மேலே வர வேண்டிய மேல்தளத் தூண் ஒரு விரற்கடை விலகியிருக்கும். ஒரு பக்க அறையில் அலமாரியும் ஆட்களும் நிறைந்திருக்க, மறுபக்க அறை காலியாக இருக்கும். தூணின் ஒரு முகத்தில் கான்கிரீட் நன்றாக இறுகியிருக்க, எதிர்முகத்தில் ஜல்லி தனியாகத் தெரியும். இவை எல்லாம் சேர்ந்து சுமையை மையத்திலிருந்து கொஞ்சம் தள்ளிவிடுகின்றன. இந்தத் தள்ளலுக்குப் பொறியாளர்கள் வைத்திருக்கும் பெயர் மைய விலகல்.

சுமை மையத்தில் இறங்கினால் தூணின் குறுக்குவெட்டு முழுவதும் ஒரே அளவில் அழுந்தும். அது விலகி இறங்கினால் ஒரு முகம் கூடுதலாகவும் எதிர்முகம் குறைவாகவும் அழுந்தும். அதாவது தூண் அழுந்துவதோடு வளையவும் முற்படுகிறது. கூடுதலாக அழுந்தும் முகம் முதலில் தன் எல்லையைத் தொட்டுவிடும் என்பதால், அந்தத் தூண் தாங்கக்கூடிய மொத்தச் சுமை குறைந்துபோகிறது.

இந்தியாவில் கான்கிரீட் கட்டடங்களுக்கான அடிப்படை விதிநூல் ஐ.எஸ். 456. அதன் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு, சுமை நேராகத்தான் வருகிறது என்று யார் சொன்னாலும் எல்லாத் தூண்களுக்கும் ஒரு குறைந்தபட்ச மைய விலகலை வைத்தே கணக்குப் போட வேண்டும் என்கிறது. அந்த அளவு இது:

```
e_min = L/500 + D/30   (20 mm-க்குக் குறையாமல்)
```

இதில் L என்பது தூணின் தாங்கலற்ற உயரம். தரையிலிருந்து மேலே உள்ள உத்திரத்தின் அடிவரை உள்ள இடைவெளி. D என்பது எந்தத் திசையில் பார்க்கிறோமோ அந்தத் திசையில் தூணின் அகலம். உயரம் கூடினால் தூண் சாய்ந்து நிற்கும் வாய்ப்பு கூடும் என்பதற்காக முதல் பகுதி. தூண் பெரிதானால் சுமை இறங்கும் இடத்தில் வரும் பிசகும் பெரிதாகலாம் என்பதற்காக இரண்டாவது பகுதி. கணக்கில் எவ்வளவு சிறிய எண் வந்தாலும் 20 மி.மீ.க்குக் கீழே இறங்கக் கூடாது.

இந்த 20 மி.மீ. பார்வைக்குச் சிறியது. ஆனால் எந்தத் தூணுக்கு எளிய கணக்கு போதும், எதற்குப் போதாது என்று பிரிக்கும் கோடு இதுதான். நம் ஊர் வீடுகளில் அதிகமாக நிற்கும் ஒன்பது அங்குலத் தூண் இந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பார்ப்பதற்கு முன், கணக்கை ஒருமுறை முழுதாகப் போட்டுப் பார்த்துவிடலாம்.

குட்டைத் தூண் எது?

தூணின் செயலுறு நீளத்தை அதன் அகலத்தால் வகுத்தால் வரும் எண் இரு திசைகளிலும் 12-க்குக் குறைவாக இருந்தால் அது குட்டைத் தூண். 12-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ அது நெட்டைத் தூண். சுமையேறும்போது தானாகவே பக்கவாட்டில் வளைந்து தன் விலகலைத் தானே பெருக்கிக்கொள்ளும். செயலுறு நீளம் என்பது உயரத்தை மட்டும் பொறுத்ததல்ல. தூணின் இரு முனைகளையும் உத்திரங்களும் அடித்தளமும் எவ்வளவு உறுதியாகப் பிடித்திருக்கின்றன என்பதையும் பொறுத்தது. முனைகள் நகராமலும் திரும்பாமலும் இறுகப் பிடிக்கப்பட்டிருந்தால் உயரத்தில் 0.65 பங்கு எடுக்கலாம். நகராமல் மட்டும் இருந்து, திரும்ப இடமிருந்தால் முழு உயரத்தையே எடுக்க வேண்டும்.

குட்டைத் தூணாக இருந்து, குறைந்தபட்ச மைய விலகலும் அகலத்தில் 5 விழுக்காட்டைத் தாண்டாமல் இருந்தால், விதிநூல் ஓர் எளிய சூத்திரத்தைத் தருகிறது:

```
Pu = 0.4 fck Ac + 0.67 fy Asc
```

Pu என்பது தூண் தாங்க வேண்டிய பெருக்கிய சுமை. கட்டடத்தின் நிலைச்சுமையையும் மனிதர், பொருள்களின் சுமையையும் கூட்டி 1.5-ஆல் பெருக்கினால் இது கிடைக்கும். fck கான்கிரீட்டின் வலிமை, fy கம்பியின் வலிமை. Ac கான்கிரீட்டின் பரப்பு, Asc நெடுக்குக் கம்பிகளின் மொத்தப் பரப்பு. கான்கிரீட் தாங்குவது ஒரு பகுதி, கம்பி தாங்குவது மறுபகுதி, இரண்டின் கூட்டல் தூணின் வலிமை.

இந்தச் சூத்திரத்தில் மைய விலகல் என்ற சொல்லே இல்லை. ஆனால் அது 0.4 என்ற எண்ணுக்குள் இருக்கிறது. சுமை சரியாக மையத்தில் இறங்கினால் கான்கிரீட்டுக்கு ஏறத்தாழ 0.45, கம்பிக்கு ஏறத்தாழ 0.75 என்று எடுக்கலாம். அகலத்தில் 5 விழுக்காடு வரையுள்ள விலகலுக்காக இரண்டையும் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்ததால் வந்தவைதான் 0.4-உம் 0.67-உம். ஆகவே விலகல் 5 விழுக்காட்டைத் தாண்டினால், அந்தக் குறைப்பு போதாது. அப்போது இந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்துவது, தூணில் இல்லாத வலிமையை இருப்பதாக எழுதுவதாகும்.

ஒரு தூணின் கணக்கு

தரைத்தளமும் அதன்மேல் மூன்று மாடிகளும் கொண்ட ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். நடுவில் உள்ள ஒரு தூண். நான்கு பக்கமும் ஒரே நீள உத்திரங்கள் வந்து சேர்வதால் ஒரு பக்கத்து வளைப்பை மறுபக்கம் சமன் செய்துவிடுகிறது. காற்று, நிலநடுக்கம் ஆகியவற்றின் பக்கவாட்டு விசையை லிஃப்டைச் சுற்றியுள்ள கான்கிரீட் சுவர்கள் ஏற்றுக்கொள்கின்றன. தூண்களுக்கிடையே இரு திசையிலும் 5 மீட்டர். ஆக ஒவ்வொரு தளத்திலும் 25 சதுர மீட்டர் பரப்பின் சுமை இந்தத் தூணுக்கு வரும். தளம், உத்திரம், சுவர், ஆட்கள், பொருள்கள் எல்லாம் சேர்த்து ஒரு தளத்துக்கு 350 கிலோநியூட்டன் என்று வைத்தால், நான்கு தளங்களுக்கு 1400 கிலோநியூட்டன். சுமார் 140 டன். 1.5-ஆல் பெருக்கினால் 2100 கிலோநியூட்டன்.

கான்கிரீட் எம் 25 தரம். அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன். கம்பி 500 தரம். தூணின் தாங்கலற்ற உயரம் 3 மீட்டர்.

முதலில் 300-க்கு 300 மி.மீ. தூணை முயன்று பார்ப்போம். மைய விலகல் 3000/500 என்பதால் 6, அதோடு 300/30 என்பதால் 10. கூட்டினால் 16. அது 20-க்குக் குறைவு என்பதால் 20 மி.மீ. எடுக்க வேண்டும். ஆனால் 300-இல் 5 விழுக்காடு 15 மி.மீ.தான். 20, 15-ஐத் தாண்டிவிட்டது. எளிய சூத்திரத்துக்கு இங்கே இடமில்லை. இடமிருந்தாலும் பயனில்லை, 2100 கிலோநியூட்டனைத் தாங்க இந்தத் தூணின் பரப்பில் 4 விழுக்காட்டுக்கு மேல் கம்பி தேவைப்படும். விதிநூலின் உச்சவரம்பு 6 விழுக்காடு என்றாலும், கம்பிகளை ஒன்றோடொன்று சேர்த்து நீட்டும் இடத்தில் அவை இருமடங்காகி ஜல்லி இறங்க வழியில்லாமல் போகும் என்பதால், 4 விழுக்காட்டுக்குள் நிறுத்துவதே நடைமுறை.

அடுத்து 400-க்கு 400. 3000-ஐ 400-ஆல் வகுத்தால் 7.5, முழு உயரத்தையே செயலுறு நீளமாக எடுத்தும் 12-க்குள் அடங்குகிறது, ஆகவே குட்டைத் தூண். மைய விலகல் 6 கூட்டல் 13.3, அதாவது 19.3. இதுவும் 20 ஆகிறது. 400-இல் 5 விழுக்காடும் 20. சரியாகப் பொருந்துகிறது. எளிய சூத்திரத்தைப் பயன்படுத்தலாம்.

இங்கிருந்து ஒரு பொது உண்மை கிடைக்கிறது. மைய விலகல் ஒருபோதும் 20 மி.மீ.க்குக் குறையாது, அது அகலத்தில் 5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்றால் அகலம் 400 மி.மீ.க்குக் குறையக் கூடாது. செவ்வகத் தூணாக இருந்தால் இரு பக்கங்களுக்கும் இது பொருந்தும். உயரத்துக்கும் எல்லை உண்டு. அதே 400 மி.மீ. தூண், கடை வைப்பதற்காகத் தரைத்தளத்தை உயர்த்தியதால் 4.2 மீட்டர் உயரம் கொண்டிருந்தால், விலகல் 8.4 கூட்டல் 13.3, ஏறத்தாழ 21.7 ஆகிவிடும். எளிய சூத்திரம் அப்போது பொருந்தாது. 400 மி.மீ. தூணுக்கு அந்த எல்லை சுமார் 3.33 மீட்டர்.

நம் 3 மீட்டர் தூணுக்குத் திரும்புவோம். மொத்தப் பரப்பு 1,60,000 சதுர மி.மீ. கம்பி இடம்பிடிக்கும் பரப்பைக் கான்கிரீட்டிலிருந்து கழித்துக்கொண்டு சூத்திரத்தில் எண்களை இட்டால் இப்படி வரும்:

```
2100000 = 0.4 x 25 x (160000 - Asc) + 0.67 x 500 x Asc
2100000 = 1600000 + 325 Asc
Asc     = 1538 mm²
```

கான்கிரீட் மட்டும் 1600 கிலோநியூட்டனைத் தாங்கிவிடுகிறது. மீதி 500-ஐக் கம்பி தாங்க வேண்டும். அதற்கு 1538 சதுர மி.மீ. கம்பி. இதைக் குறைந்தபட்சத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தூணின் பரப்பில் 0.8 விழுக்காடு கம்பியாவது இருந்தாக வேண்டும். இங்கே அது 1280 சதுர மி.மீ. இந்தக் குறைந்தபட்சத்துக்குக் காரணம், கான்கிரீட் நெடுநாள் சுமையின் கீழ் மெல்ல மெல்லச் சுருங்குவது. அது சுருங்கச் சுருங்கத் தன் சுமையைப் பக்கத்திலுள்ள கம்பிக்குத் தள்ளிவிடும். கம்பி மிகக் குறைவாக இருந்தால், ஆண்டுகள் போகப் போக அன்றாடச் சுமையிலேயே அது தன் எல்லையைத் தொட்டுவிடும். நமக்குத் தேவைப்படுவது 1538 என்பதால், குறைந்தபட்சத்தைத் தாண்டியே நிற்கிறோம்.

கம்பியைத் தேர்ந்தெடுப்பது

பரப்பு தெரிந்துவிட்டது. அதை எந்தக் கம்பிகளாகப் பிரிப்பது என்பதில்தான் பொறியாளரின் தீர்மானம் இருக்கிறது. விதிகள் சில: செவ்வகத் தூணில் நான்கு கம்பிகளுக்குக் குறையக் கூடாது, வட்டத் தூணில் ஆறு. எந்த நெடுக்குக் கம்பியும் 12 மி.மீ.க்கு மெலிதாக இருக்கக் கூடாது. தூணின் சுற்றளவில் இரு கம்பிகளுக்கிடையே 300 மி.மீ.க்கு மேல் இடைவெளி விடக் கூடாது.

நான்கு மூலைக்கு நான்கு 20 மி.மீ. கம்பி வைத்தால் பரப்பு 1257. போதாது, குறைந்தபட்சமான 1280-ஐக்கூட அது எட்டவில்லை. நான்கு 25 மி.மீ. வைத்தால் 1963. வலிமைக்குப் போதும், மூலைக்கு மூலை இடைவெளியும் 280 மி.மீ. அளவில் அடங்கும். ஆனால் மீட்டருக்கு 15 கிலோவுக்கு மேல் கம்பி செலவாகும். நான்கு 20 மி.மீ.யோடு பக்கங்களின் நடுவே நான்கு 12 மி.மீ. வைத்தால் 1709, இதுவும் சரி. எட்டு 16 மி.மீ. வைத்தால் 1608. இது தேவைக்குச் சற்று மேலே, மீட்டருக்கு 12.6 கிலோ. ஒரே தடிமன் கம்பி என்பதால் கட்டுமான இடத்தில் மாற்றிக் கட்டிவிடும் குழப்பமும் இல்லை.

எட்டு 16 மி.மீ. கம்பிகளையே எடுக்கிறோம். மூலைக்கு ஒன்று, ஒவ்வொரு பக்கத்தின் நடுவில் ஒன்று. திருப்பிச் சரிபார்த்தால் தூணின் வலிமை 1600 கூட்டல் 523, அதாவது 2123 கிலோநியூட்டன். தேவை 2100. கம்பியின் அளவு தூணின் பரப்பில் ஒரு விழுக்காடு.

ரிங் என்ன செய்கிறது?

கம்பி கட்டுபவர்கள் ரிங் என்று சொல்லும் குறுக்கு வளையத்துக்கு இந்தச் சூத்திரத்தில் இடமே இல்லை. அதனால் அது கம்பிகளை நிறுத்திப் பிடிக்க மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், சூத்திரத்தில் கம்பிக்கு நாம் கொடுத்த அந்த 500 கிலோநியூட்டன் மெய்யாவது ரிங்கால்தான்.

ஒரு நீண்ட ஈர்க்குச்சியை இரு முனையிலும் பிடித்து அழுத்தினால் அது நசுங்குவதற்கு வெகு முன்பே பக்கவாட்டில் வளைந்துவிடும். அதையே விரல் நீளத்துக்கு ஒடித்து அழுத்தினால் எளிதில் வளையாது. தூணுக்குள் இருக்கும் 16 மி.மீ. கம்பிக்கும் இதே நிலைதான். வெளிப்புறத்தில் 40 மி.மீ. கான்கிரீட் கவர் மட்டுமே இருப்பதால், அழுத்தம் கூடும்போது கம்பி அந்தப் பக்கம் பிதுங்கப் பார்க்கும். கவர் உதிர்ந்துவிட்டால் அதைத் தடுக்க ரிங்கைத் தவிர வேறெதுவும் இல்லை. இரண்டு ரிங்குகளுக்கிடையே உள்ள தூரம்தான் கம்பியின் வளையும் நீளம்.

ஆகவே ரிங் இடைவெளிக்கு விதிநூல் மூன்று எல்லைகளைச் சொல்கிறது: தூணின் சிறிய பக்கம், மெலிதான நெடுக்குக் கம்பியின் தடிமனைப் போல் 16 மடங்கு, 300 மி.மீ. இம்மூன்றில் எது சிறியதோ அதைத் தாண்டக் கூடாது. நம் தூணில் முதலாவது 400, இரண்டாவது 16 முறை 16, அதாவது 256, மூன்றாவது 300. ஆகவே 250 மி.மீ.க்கு ஒரு ரிங். நாம் ஒதுக்கிவிட்ட 20-உம் 12-உம் கலந்த அமைப்பை எடுத்திருந்தால், மெலிதான கம்பி 12 என்பதால் இடைவெளி 192-க்கு இறங்கியிருக்கும். நெடுக்குக் கம்பியைத் தேர்ந்தெடுக்கும்போதே ரிங்கையும் நினைக்க வேண்டும் என்பது இதனால்தான்.

ரிங்கின் தடிமன், பருமனான நெடுக்குக் கம்பியின் தடிமனில் கால் பங்குக்கும் 6 மி.மீ.க்கும் குறையக் கூடாது. பிதுங்கும் கம்பி தள்ளும்போது ரிங் தானே வளைந்துகொடுக்காமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. நம் கணக்கில் 6 மி.மீ. போதும் என்றாலும் 8 மி.மீ. எடுப்பதே வழக்கம்.

இனி பலரும் தவறவிடும் இடம். சதுர ரிங் மூலைக் கம்பிகளை மட்டுமே இறுகப் பிடிக்கும்; அங்கேதான் ரிங் மடங்குகிறது. பக்கத்தின் நடுவில் உள்ள கம்பி வெளியே தள்ளினால், ரிங்கின் நேரான பகுதி வில்லாக வளைந்து வழிவிட்டுவிடும். மூலைக் கம்பியிலிருந்து 75 மி.மீ.க்குள் இருந்தால் நடுக்கம்பிக்குத் தனிப் பிடி தேவையில்லை. நம் தூணில் அந்தத் தூரம் 140 மி.மீ.க்கு மேல். ஆகவே நான்கு நடுக்கம்பிகளையும் சுற்றி ஒரு வைர வடிவ ரிங்கோ, எதிரெதிர்க் கம்பிகளைப் பிணைக்கும் கொக்கிகளோ ஒவ்வொரு மட்டத்திலும் வேண்டும். எட்டுக் கம்பி போட்டு வெளிரிங்கோடு நிறுத்திவிட்டால், நான்கு கம்பிகளுக்கு மட்டுமே உறுதியான பிடி இருக்கிறது என்று பொருள்.

ரிங்கில் சிக்கனம் செய்வதால் மிச்சமாவதும் பெரிதல்ல. இந்தத் தூணின் ஒரு வெளிரிங் சுமார் அரைக் கிலோவுக்குச் சற்று மேல். ஒரு தளத்துக்குப் பன்னிரண்டு ரிங் என்றால் ஏழு கிலோ. அதே தளத்தில் நெடுக்குக் கம்பி 38 கிலோ.

நிலநடுக்கத்தைக் கணக்கில் எடுத்தால் ரிங்கின் வேலை இன்னும் கூடுகிறது. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தில் நேர்ந்த நிலநடுக்கத்தில் இடிந்த பல கான்கிரீட் கட்டடங்களில், தூண்களின் ரிங் அகன்ற இடைவெளியில் இருந்ததும், முனைகள் 90 பாகையில் மட்டும் மடக்கப்பட்டிருந்ததும் காணப்பட்டன. கவர் உதிர்ந்ததும் அப்படிப்பட்ட கொக்கி விரிந்து, கம்பி பிதுங்கிவிடும். நிலநடுக்கத்துக்கான விதிநூலான ஐ.எஸ். 13920, ரிங்கின் முனையை 135 பாகை மடக்கி, தூணின் உட்புறக் கான்கிரீட்டுக்குள் குறைந்தது 65 மி.மீ. நீட்டச் சொல்கிறது. அந்த விதிநூலைப் பின்பற்றும் கட்டடத்தில், நம் தூணின் மேல்முனையிலும் அடிமுனையிலும் அரை மீட்டர் உயரத்துக்கு ரிங் இடைவெளி 96 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. ரிங்கின் தடிமனும் தனிக் கணக்கின்படி 8-இலிருந்து 10 மி.மீ.க்கு உயர வேண்டியிருக்கும்.

ஒன்பது அங்குலத் தூண்

இப்போது தொடக்கத்தில் நிறுத்திவைத்த கேள்வி. சுவரின் தடிமனோடு ஒட்டிப்போக வேண்டும் என்பதற்காக, வீடுகளில் தூணை ஒன்பதுக்கு ஒன்பது அங்குலம், அதாவது 230-க்கு 230 மி.மீ. வைத்து, நான்கு 12 மி.மீ. கம்பி போடுவது பரவலான வழக்கம். கம்பியின் அளவு 0.85 விழுக்காடு, குறைந்தபட்சத்தை எட்டிவிடுகிறது. எம் 20 கான்கிரீட்டில் எளிய சூத்திரத்தைப் போட்டால் 571 கிலோநியூட்டன் என்று விடை வரும்.

ஆனால் இந்தத் தூணின் குறைந்தபட்ச மைய விலகல் 20 மி.மீ. அகலத்தில் 5 விழுக்காடு 11.5 மி.மீ.தான். விலகல் கிட்டத்தட்ட 9 விழுக்காடு. எளிய சூத்திரத்துக்கு இந்தத் தூண் தகுதி பெறவே இல்லை. அழுத்தத்தையும் வளைப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால், அதற்கென உள்ள வரைபடங்கள் எஸ்.பி. 16 என்ற கையேட்டில் இருக்கின்றன, வலிமை சுமார் 510 கிலோநியூட்டனுக்கு இறங்குகிறது. பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது.

அதோடு முடியவில்லை. முனைகளுக்கு உறுதியான பிடிப்பு இல்லாமல் 3 மீட்டர் முழுவதும் செயலுறு நீளமானால், 3000-ஐ 230-ஆல் வகுத்து 13 வருகிறது. 12-ஐத் தாண்டிவிட்டது, இது நெட்டைத் தூண். அப்போது தூண் தானே வளைவதால் வரும் கூடுதல் விலகலாக மேலும் சுமார் 20 மி.மீ.யைச் சேர்க்கச் சொல்கிறது விதிநூல். விலகல் இருமடங்கு ஆகிறது.

கட்டும்போது ஏற்படும் பிசகும் சிறிய தூணையே அதிகம் பாதிக்கும். தூக்குக் குண்டு போடாமல் விட்டதால் வரும் 15 மி.மீ. சாய்வு, 400 மி.மீ. தூணில் 4 விழுக்காடுகூட இல்லை, 230 மி.மீ. தூணில் அது 6.5 விழுக்காடு. கவர் விஷயத்திலும் இதே நெருக்கடி. 200 மி.மீ. அல்லது அதற்குக் குறைவான பக்கம் கொண்ட, 12 மி.மீ. வரையுள்ள கம்பி போட்ட தூண்களுக்கு 25 மி.மீ. கவர் போதும் என்று ஒரு சலுகை உண்டு. 230 மி.மீ. தூணுக்கு அந்தச் சலுகை இல்லை, 40 மி.மீ. விட வேண்டும். விட்டால் ரிங்கின் வெளி அளவு 150-க்கு 150 மி.மீ.தான். அதாவது ரிங்குக்குள் இருப்பது தூணின் பரப்பில் பாதிகூட இல்லை. ரிங்கைப் பெரிதாகக் கட்டிக் கவரைக் குறைத்தால், சில ஆண்டுகளில் கம்பி துருப்பிடித்து, தூணின் மூலைகளில் நெடுக்காக விரிசல் ஓடும். அந்த விரிசலில் பழுப்புக் கறை தெரிந்தால், உள்ளே கம்பி கரையத் தொடங்கிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

ஒரு மாடி வீட்டுக்கு ஒன்பது அங்குலத் தூண் தாங்காது என்பதல்ல இதன் பொருள். சுமை குறைவாக இருந்தால் தாங்கும். ஆனால் அது தாங்குமா என்பதை எளிய சூத்திரத்தால் சொல்லக் கூடாது. வளைப்பையும் சேர்த்த கணக்கால்தான் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கு இல்லாமல், அதே தூணின் மேல் பின்னாளில் இரண்டாவது மாடியை எழுப்புவது இருப்பில் இல்லாத வலிமையைச் செலவழிப்பதாகும். நிலநடுக்க விதிநூலோ, பொதுவாகத் தூணின் எந்தப் பக்கமும் 300 மி.மீ.க்குக் குறைய வேண்டாம் என்கிறது.

பலகை மூடும் முன்

தூணில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை சென்ட்ரிங் பலகையை மூடும்வரை கண்ணுக்குத் தெரியும். மூடிய பிறகு தெரியாது. ஆகவே பார்க்க வேண்டிய நேரம் அதுதான். அளவு நாடாவை வைத்து அடியிலிருந்து நுனிவரை ரிங் இடைவெளியை அளக்க வேண்டும். பெரும்பாலும் நடுவில் சரியாக இருக்கும். உத்திரத்துக்குச் சற்றுக் கீழேயும் உத்திரமும் தூணும் சேரும் இடத்துக்குள்ளேயும் ரிங் விடுபட்டிருக்கும். அங்கே கட்டுவது கடினம் என்பதே காரணம். ஆனால் நிலநடுக்கத்தில் மிக அதிகமான விசை வருவது அங்கேதான்.

அடுத்து, ரிங்கின் கொக்கிகள் உட்பக்கம் மடங்கியிருக்கின்றனவா, அவை அடுத்தடுத்த ரிங்குகளில் ஒரே மூலையில் வராமல் மாறி மாறி வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். நடுக்கம்பி ஒவ்வொன்றையும் கையால் வெளிப்பக்கம் இழுத்துப் பார்த்தால், தனிப் பிடி இல்லாதது உடனே தெரிந்துவிடும். நான்கு முகத்திலும் 40 மி.மீ. கவர் பிளாக் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஒரு முகத்தில் அது இல்லாவிட்டால் கம்பிக்கூடு முழுவதும் அந்தப் பக்கம் சாய்ந்து, ஒரு பக்கக் கவர் காணாமல் போவதோடு, வேண்டாத மைய விலகலும் சேர்ந்துவிடும். கடைசியாக, பலகையின் அடுத்தடுத்த இரு முகங்களிலும் தூக்குக் குண்டு போட்டுப் பார்க்க வேண்டும்.

வீடு கட்டுவோர் தங்கள் பொறியாளரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இந்தத் தூணுக்கு எந்த மைய விலகலை வைத்துக் கணக்குப் போட்டீர்கள்? அது தூணின் அகலத்தில் எத்தனை விழுக்காடு? ரிங்கின் தடிமன், இடைவெளி, கொக்கியின் வடிவம் மூன்றும் வரைபடத்தில் எழுதப்பட்டிருக்கின்றனவா? பக்கம் 400 மி.மீ.க்குக் குறைவான தூணுக்கு எளிய சூத்திரத்தில் போட்ட கணக்கை யாராவது காட்டினால், அதை ஏற்காதீர்கள்; வளைப்பையும் சேர்த்துப் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.